கூட்டல் கழித்தல் 0.11

நந்துடு எம்பாலே ஊரில் பதினோரு வருடம் பள்ளிக் கணக்கு ஆசிரியை. முப்பத்தாறு வயதில் முதுகலை ஆய்வுக்குச் சேர்ந்து, எங்கள் ஆய்வு மாணவர் அறையில் என் எதிர் மேசைக்கு வந்தாள். சாணி எரு போட்டால் பீன்ஸ் விளைச்சல் கூடுமா என்று அச்சில் வந்த பத்தொன்பது கட்டுரைகளைத் திரட்டி ஒரே விடை காண்பது அவள் வேலை. அசாத்தியத் திறமைசாலி என்று சொல்ல மாட்டேன். ஒன்று புரியாவிட்டால் அவளால் தூங்க முடியாது, அவ்வளவுதான்.

பதினெட்டுக் கட்டுரைகள் தொல்லை தரவில்லை. பத்தொன்பதாவது, வெபுகுலு என்பவர் எழுதியது. எரு போட்ட நான்கு பாத்திகளின் சராசரி ஹெக்டேருக்கு 1.42 டன், கூட்டல் கழித்தல் 0.11 என்று இருந்தது. அந்த 0.11 எது என்று எங்கும் சொல்லவில்லை. பாத்திக்குப் பாத்தி விளைச்சல் எவ்வளவு சிதறியது என்பதைச் சொல்லும் திட்ட விலக்கமா, சராசரியே எவ்வளவு தவறியிருக்கலாம் என்பதைச் சொல்லும் திட்டப் பிழையா? நான்கு பாத்திக்கு முதலாவது இரண்டாவதைப் போல இரு மடங்கு. திட்ட விலக்கம் என்று எடுத்தால் எரு பயன் தருகிறது என்று கூட்டு விடை வரும். திட்டப் பிழை என்று எடுத்தால் அந்தக் கட்டுரையின் எடை கால்வாசியாகிவிடும், விடை ஊசலாடும்.

“விலக்கம்னு எடுத்துக்கோ. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க. வெள்ளிக்கிழமை சமர்ப்பிக்கணும்,” என்றார் வழிகாட்டி முனைவர் கைன்சா.

“தெரியாததை எப்படி மேடம் எடுத்துக்கிறது?”

“தெரியலைன்னா கேளு.”

கட்டுரையில் ‘தரவுகளை வேண்டுவோர் ஆசிரியரை அணுகலாம்’ என்று இருந்தது. நந்துடு அணுகினாள். மின்னஞ்சல் திரும்பி வந்தது. அந்த முகவரியே இப்போது இல்லை. இணை ஆசிரியரிடம் கேட்டு வெபுகுலுவின் புதிய முகவரியைப் பெற்று மறுபடி எழுதினாள். அங்கே ஒரு பிழை செய்தாள். வேலை புரியட்டும் என்று தன் அட்டவணையையும் இணைத்தாள். அதில் ஒவ்வொரு கட்டுரைக்கும் நேராக நம்பகம் என்று ஒரு பத்தி. வெபுகுலுவின் வரிசையில் ‘ஐயம்’ என்று இருந்தது.

பதில் பத்து நிமிடத்தில் தொலைபேசியில் வந்தது.

“யாரும்மா நீ? என் பேருக்கு நேரா ஐயம்னு எழுதியிருக்கே? நான் என்ன பீன்ஸ் திருடினேனா?”

“ஐயா, அது உங்க மேல இல்ல...”

“அப்போ யார் மேல? என் பக்கத்து வீட்டுக்காரன் மேலயா?”

வைத்துவிட்டார்.

புதன்கிழமை காலை அவள் வெபுகுலுவின் ஊரான புடாடிரிக்கு பஸ் ஏறினாள். நானும் போனேன், எனக்கு வேறு வேலை இல்லை. வெபுகுலு வேலையை விட்டு வந்து காப்பி வளர்த்துக்கொண்டிருந்தார். பாயில் காய்ந்த கொட்டையைக் கிளறியபடியே எங்களைப் பார்த்தார்.

நந்துடு மழையைப் பற்றிக் கேட்டாள். பிள்ளைகளைப் பற்றிக் கேட்டாள். காப்பி விலையைப் பற்றிக் கேட்டாள். கட்டுரையைப் பற்றிக் கேட்கவில்லை. நிலக்கடலை விழுதில் வெந்த மூங்கில் குருத்து வந்தது, வாழைக்காயை அவித்து மசித்த மாட்டோகே வந்தது. கை கழுவியபின் அவரே கேட்டார்:

“ஐயம்மா, உனக்கு என்ன வேணும்?”

“அந்த நாலு பாத்தியோட விளைச்சல், ஐயா. வேற எதுவும் வேண்டாம்.”

உள்ளே போய் எலி கடித்த வயல் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தார். பக்கத்தைத் திருப்பினார். 1.18, 1.34, 1.46, 1.70. கைப்பேசியில் அவள் கணக்குப் போட்டாள். சராசரி 1.42. திட்ட விலக்கம் 0.22. அதில் பாதி 0.11.

“திட்டப் பிழை,” என்றாள்.

“அப்போ நான் தப்பா எழுதலையே?”

“இல்ல ஐயா. ஒரு வார்த்தையை எழுத மறந்துட்டீங்க.”

“அது எடிட்டர் வேலை,” என்றார். முகம் தெளிந்திருந்தது. “உனக்கு நல்லதா போச்சா?”

“எனக்குக் கெட்டதா போச்சு. முடிவுரை எழுதி முடிச்சாச்சு.”

“அடடா,” என்றார், வருத்தப்படாமல். பக்கத்தைப் படமெடுக்க அனுமதித்தார். இந்த எண்கள் தன்னுடையவைதான் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டார்.

திரும்பும் பஸ்ஸில் அவள் அந்தப் பக்கத்தின் படத்தைப் பெரிதாக்கி எண்களை மறுபடி கூட்டினாள். அந்தப் படத்தை அழித்திருந்தால் கேட்க ஆளில்லை. வெபுகுலுவுக்கும் அது இனி பெரிய விஷயமில்லை. எனக்கு அது தோன்றியது. அவளுக்குத் தோன்றியதா என்று கேட்கவில்லை.

வியாழனன்று ‘எரு விளைச்சலைக் கூட்டுகிறது’ என்ற வரியை அழித்து, ‘கூட்டுகிறதா என்று இப்போதுள்ள சான்றுகளால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை’ என்று எழுதினாள்.

“இதைச் சொல்லவா ரெண்டு வருஷம்?” என்றார் கைன்சா.

“ரெண்டு வருஷமும் ஒரு பஸ் டிக்கெட்டும், மேடம்.”

கைன்சா இன்னொரு முறை படித்துவிட்டுக் கையெழுத்திட்டார்.

வெள்ளிக்கிழமை, சமர்ப்பித்த பின், திருத்திய அட்டவணையை நந்துடு வெபுகுலுவுக்கு அனுப்பினாள். அவர் உடனே அழைத்தார்.

“என் வரிசையில தெளிவுன்னு இருக்கு. பாத்தேன். ஆனா மேலே பதினாறாவது ஆளுக்கும் தெளிவுன்னு போட்டிருக்கியே. அவனை எனக்குத் தெரியும். அவன்கிட்ட கேட்டியா?”

நந்துடு பதினாறாவது கட்டுரையை மறுபடி திறந்தாள்.