காணாமல் போன ஐம்பது யூனிட்

எனக்குக் கோபம் வந்தால் வாய் முன்னால் போகும், புத்தி பஸ்ஸைத் தவறவிட்டு ஆற அமர வந்து சேரும். இதை என் வீட்டுக்காரரே பலமுறை சொல்லியிருக்கிறார். அன்றைக்கும் அப்படித்தான் ஆனது.

பெரம்பலூரில் எங்கள் வீட்டு மாடியில் ஒரு பெண் குடியிருந்தாள். தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் பில் போடும் வேலை. பத்தாவது படிக்கும் மகளோடு தனியாக இருந்தாள். கீழே நாங்கள். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே மின் இணைப்பு. மாடிக்கு மட்டும் தனியாக ஒரு சப் மீட்டர் போட்டிருந்தோம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அதைப் பார்த்து, யூனிட்டுக்கு ஏழு ரூபாய் என்று அவளிடம் வாங்கிக்கொள்வேன். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அதுதான் ரேட்டு.

அந்த முறை ரீடிங் எடுத்த மறுநாள், பணம் கட்ட வேண்டும் என்று மின் அட்டையைப் பையில் போட்டுக்கொண்டு என் வீட்டுக்காரர் அரியலூருக்குப் போய்விட்டார். அங்கே சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார், சனிக்கிழமைதான் வீடு திரும்புவார். அட்டையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். லாரிக்குள் உட்கார்ந்து எடுத்திருப்பார் போல, பாதிப் பக்கம் நிழல். அட்டையில் அது புதுப் பக்கம் வேறு, போன தடவை ரீடிங் முந்தின பக்கத்தில் மாட்டிக்கொண்டது. இந்தத் தடவை யூனிட் மட்டும் பேனாவில் எழுதியிருந்தது. ஐந்நூற்று எழுபது என்று படித்தேன். தொகை தெளிவாக இருந்தது: 2,208.

எனக்குத் திக்கென்றது. போன தடவை 480 யூனிட், 1,679 ரூபாய்தான் வந்தது. ஒரே தடவையில் ஐந்நூறு ரூபாய்க்கு மேல் எப்படி ஏறும்? மாடி சப் மீட்டரைப் போய்ப் பார்த்தேன். போன தடவை ரீடிங்கைக் கழித்தால் 210 யூனிட் ஓடியிருந்தது. ஐந்நூற்று எழுபதில் அதைக் கழித்தால் எங்களுக்கு 360. நாங்கள் எந்தக் கோடையிலும் முன்னூற்றுப் பத்தைத் தாண்டியதில்லை. மிச்ச ஐம்பது யூனிட் எங்கே போனது? சப் மீட்டரில் ஏறாமல் எங்கிருந்தோ ஒயர் இழுத்திருக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன்.

காலையில் அவள் டூட்டிக்குக் கிளம்பிப் படியிறங்கும்போது பிடித்துக்கொண்டேன்.

"ஏம்மா, கரண்ட்டு திருடறதுக்கா உனக்கு வூடு குடுத்தேன்? ஐம்பது யூனிட்டு கணக்குல வரல. அடுத்த மாசம் வேற வூடு பாத்துக்க."

சொன்ன வார்த்தை இப்போதும் காதில் நிற்கிறது. படியில் பின்னாலேயே அவள் மகள் பள்ளிக்கூடப் பையோடு நின்றாள். அந்தப் பிள்ளைக்கு இன்னும் இரண்டு மாதத்தில் பொதுத் தேர்வு.

அவள் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் சண்டைக்கு வரவில்லை. மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தாள்.

"அக்கா, அந்த பில்லு போட்டோவ எனக்கு அனுப்புங்க. திருடிங்கற பேரோட நான் வூட்ட காலி பண்ண மாட்டேன்."

என் வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்து செல்போனில் கட்டம் போட ஆரம்பித்தாள். எந்த யூனிட்டிலிருந்து எந்த யூனிட் வரை, எத்தனை யூனிட், என்ன ரேட்டு, எவ்வளவு தொகை என்று நாலு பத்தி. நான் விடாமல் பக்கத்தில் நின்றேன்.

"மொத நூறு யூனிட்டு இலவசம். அதுக்கு மேல நானூறு வரைக்கும் முன்னூறு யூனிட்டு, நாலு ரூவா எழுவது காசு."

"நூத்துலேருந்து எரநூறு வரைக்கும் ரெண்டு முப்பத்தஞ்சுதான?" என்றேன். எனக்கும் தெரியும் என்று காட்ட வேண்டுமே.

"அது மொத்தம் ஐநூறுக்குள்ள இருந்தாத்தான்க்கா. ஐநூத்த தாண்டிட்டா அந்தப் பாதி ரேட்டு போயிடும். அதனாலதான் பில்லு இப்புடி எகிறியிருக்கு."

முன்னூறு யூனிட்டுக்கு 1,410. அடுத்த நூறுக்கு ஆறு ரூபாய் முப்பது காசு வீதம் 630. ஐந்நூறுக்கு மேல் எழுபது யூனிட், எட்டு ரூபாய் நாற்பது காசு வீதம் 588. நிலைக்கட்டணம் என்று ஒரு வரி போட்டுப் பூஜ்ஜியம் வைத்தாள். வீட்டு இணைப்புக்கு அது இப்போது கிடையாதாம். கூட்டினால் 2,628 வந்தது. அதன் கீழே பில்லில் உள்ள தொகையைப் போட்டாள். வித்தியாசம் 420.

"நானூத்தி இருவது ரூவா கொறச்சா போட்டிருப்பாங்க?" என்றாள். "அந்தக் கடைசி ரேட்டால வகுத்துப் பாப்போம்."

420-ஐ எட்டு ரூபாய் நாற்பது காசால் வகுத்தாள். சரியாக ஐம்பது.

படத்தைப் பெரிதாக்கினாள். நடு எண்ணின் அடிக்கோடு நிழலுக்குள் மங்கலாகத் தெரிந்தது. நான் ஏழு என்று படித்தது இரண்டு. எழுபதை இருபதாக மாற்றினாள். 168. மொத்தம் 2,208. வித்தியாசம் பூஜ்ஜியம்.

"ஐநூத்தி இருவதுக்கா. உங்களுக்கு முன்னூத்திப்பத்து, எனக்கு எரநூத்திப்பத்து. சரியாப் போச்சுங்களா?"

கட்டத்தை எனக்கு அனுப்பிவிட்டு டூட்டிக்குப் போய்விட்டாள். அரை நாள் சம்பளம் போயிருக்கும். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மத்தியானம் சோறு இறங்கவில்லை. அந்தக் கட்டத்தையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அதில் இல்லாத ஒரு வரி எனக்குத் தெரிந்தது. அவளுடைய 210 யூனிட், ஏழு ரூபாய் வீதம் 1,470. மொத்த பில்லே 2,208. அவளைவிட நூறு யூனிட் அதிகமாக எரித்த நாங்கள் கட்டப்போவது 738 ரூபாய். யூனிட் கணக்கில் பிரித்தால் அவள் பங்கு 892 ரூபாய்தான் வருகிறது. ஒவ்வொரு பில்லிலும் இப்படி அவளிடம் பிடுங்கியிருக்கிறேன். ஊர் வழக்கம் என்று நானே என் கண்ணைக் கட்டிக்கொண்டிருந்தேன். சீ, என்ன மனுஷி நான் என்று வாய்விட்டே சொன்னேன்.

சாயந்திரம் மாடிக்கு ஏறிப்போனேன். அவள் அப்போதுதான் வந்து டீ போட்டுக்கொண்டிருந்தாள். மகள் வாசலில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளை காதில் விழும்படியே சொன்னேன்.

"உங்கம்மா எதையும் திருடலம்மா. நான்தான் தப்பாப் படிச்சிட்டேன். நீங்க எங்கயும் போக வேணாம்." பிறகு அவளிடம் போனை நீட்டினேன். கட்டத்தின் கடைசியில், அவள் பங்கு 892 என்ற வரியை நானே சேர்த்திருந்தேன். "இதை ஏம்மா நீ போடல?"

அவள் பார்த்துவிட்டு லேசாகச் சிரித்தாள்.

"வந்த புதுசுலயே கணக்குப் போட்டுப் பாத்துட்டேன்க்கா."

"தெரிஞ்சுமா வாயத் தொறக்கல?"

"பதினோரு வூடு ஏறி எறங்குனேன்க்கா. எல்லாரும் மொதல்ல கேட்டது, வூட்டுக்காரர் எங்கன்னுதான். நீங்க ஒருத்தங்கதான் ஒண்ணும் கேக்காம சாவிய எடுத்துக் குடுத்தீங்க. அதுக்கு முன்னால இந்த ஏழு ரூவா எனக்குப் பெரிசாத் தெரியல."

சத்தியமாகச் சொல்கிறேன், நான் கேட்காமல் விட்டது நல்ல மனதால் அல்ல. அன்றைக்கு அடுப்பில் பால் வைத்திருந்தேன், அது பொங்கிவிடும் என்ற அவசரம். அதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கண் நிறைந்துவிட்டது. அவள் நீட்டிய டீயை வாங்கிக்கொண்டு, அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.