ஒவ்வொன்றாகப் பார்த்தவள்

என் மனைவிக்கு நினைவு திரும்பியதும் அவள் முதலில் பேசியது என் சட்டைப் பொத்தானைப் பற்றித்தான். பதுளை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி, "பொத்தான் வெள்ளையா இருக்கே, அண்ணி தச்சாங்களா?" என்றாள். நான் குனிந்து, என்னைத் தெரிகிறதா என்று கேட்டேன். "கொரலு தெரியுது. ஆளக் காணோமே" என்றாள். அவள் பார்வை அந்தப் பொத்தானிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே ஒரு சாண் தூரத்தில் என் முகம் இருந்தது.

அது எங்கள் தலைப்பிள்ளை பிறந்த சமயம். மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், வரிசையாகக் கட்டிய லயத்தில், எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில்தான் பிறந்தான். பிள்ளை நல்லபடியாக வந்துவிட்டது என்று எல்லோரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது அவளுக்கு வலிப்பு வந்தது. ஒன்று நிற்பதற்குள் அடுத்தது வந்தது. கொழுந்து லொறியில் சாக்கை விரித்து அவளைக் கிடத்தி, மழையில் கரைந்துபோன அந்த ரோட்டில் பதுளைக்குக் கொண்டுபோனோம். என் அக்கா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வழி முழுக்க அம்மாளைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தது. கண் திறக்காமல் கிடந்த நாட்களில் நான் மாரியம்மனுக்கு ஒரு நேர்த்திக்கடன் வைத்தேன். அவள் கண்ணைத் திறந்து பார்த்தால் வெள்ளியில் கண்மலர் செய்து சாத்துகிறேன் என்று வேண்டிக்கொண்டேன்.

கண்ணைத் திறந்துவிட்டாள். ஆனால் அந்தப் பார்வை எங்கள் யாருக்கும் விளங்கவில்லை. பிள்ளையைப் பக்கத்தில் படுக்க வைத்தால் "புள்ள எங்க?" என்று கேட்பாள். கொஞ்ச நேரம் கழித்து, "இந்தா, காது. எம்மாம் சின்னக் காது!" என்று சிரிப்பாள். பிறகு அதையும் காணவில்லை என்பாள். சோற்றுத் தட்டை வைத்தால் சோறு தெரியும், பக்கத்தில் உள்ள பருப்பு தெரியாது. பருப்பு தெரிந்தால் சோறு போய்விடும். எடுக்கக் கையை நீட்டினால் கை தட்டைத் தாண்டிப் போய்த் துணியைத் தடவும்.

பெரிய டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். கோபக்காரர் என்று நர்ஸ்மார் பயப்படுவார்கள், ஆனால் அவளிடம் பொறுமையாக உட்கார்ந்தார். தன் பேனையைக் காட்டி, "இது என்ன?" என்றார். "பேனை" என்றாள் உடனே. பேனையையும் ஒரு சீப்பையும் சேர்த்துப் பிடித்தார்.

"இப்ப என்ன தெரியுது?"

"சீப்பு."

"வேறை ஏதும்?"

"வேற ஒண்ணுமில்லீங்களே, ஐயா."

"சரி. சீப்பைப் பிடியுங்கோ பாப்பம்."

அவள் கை சீப்புக்குப் பக்கத்தில் காற்றில் போய் விரிந்தது. தேடித்தேடி அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டது.

"இனி உங்கடை மூக்கைத் தொடுங்கோ."

ஒரு தடுமாற்றமும் இல்லாமல் மூக்குத்திமேல் விரலை வைத்தாள். காதைத் தொடச் சொன்னார். அதுவும் சரியாகப் போனது. டாக்டர் தலையை ஆட்டிவிட்டு என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"கண் ரெண்டும் நல்ல கண். பழுது மண்டையின்ரை பின்பக்கத்திலை. கண் கொண்டு வாறதையெல்லாம் ஒண்டாச் சேர்த்து வைக்கிற இடம் ஒண்டு அங்கை இருக்கு. பார்த்த சாமான் எங்கை இருக்கு, கை எவ்வளவு தூரம் போகோணும் எண்டு சொல்லுறதும் அந்தப் பக்கம்தான். வலிப்பு வந்த நேரம் ரத்த அழுத்தம் ஏறி அந்த இடம் ரெண்டு பக்கமும் அடிபட்டுப் போச்சு."

"சொகமாயிருமாங்க?"

"கொஞ்சம் தேறும். முழுக்கத் தேறும் எண்டு நான் பொய் சொல்ல மாட்டன். பேயுமில்லை, பைத்தியமுமில்லை, நடிப்புமில்லை. அதை எல்லாருக்கும் சொல்லி வையும். அவவுக்கு முன்னாலை ஒரு நேரத்திலை ஒரு சாமான் மட்டும் வையுங்கோ. கண்ணாலை தேட விடாமல் கையாலை தடவி எடுக்கப் பழக்குங்கோ."

வியாதிக்கு இங்கிலீசில் ஒரு பேரும் சொன்னார். ஐந்தாம் வகுப்புப் படித்த எனக்கு அது மனதில் நிற்கவில்லை.

கண்ணில் பழுதில்லை என்றதும் என் நேர்த்தி எனக்குக் குழப்பமாகிவிட்டது. அவளிடம் சொன்னேன். "நல்லா இருக்குற கண்ணுக்கு வெள்ளிக் கண்ணு வாங்கிச் சாத்துறீங்களா? அம்மா சிரிக்கப் போறா" என்றாள். சிரித்தால் சிரிக்கட்டும் என்று வாங்கிச் சாத்தினேன். எதைக் கேட்டோம் என்று தெரியாமல் கேட்டாலும், எது வேண்டும் என்று அம்மாளுக்குத் தெரியும் என்பது என் நம்பிக்கை. இன்றைக்கும் அப்படித்தான்.

லயத்துக்கு வந்தபின் டாக்டர் சொன்னதை எல்லோருக்கும் சொன்னேன். யார் நம்பினார்கள்? பிள்ளையின் சட்டையில் ஊர்ந்த எறும்பைக் கண்டு "எறும்பு, எறும்பு" என்பாள். அதே ஆள் வாசலில் கிடந்த அம்மிக்கல்லில் இடித்துக்கொள்வாள். அடுத்த காம்பராக்காரி இஸ்தோப்புத் திண்ணையில் நின்றுகொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, "எறும்பு தெரியுதாம், அம்மி தெரியலயாம்! மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகாம இருக்க நல்ல நோவுதான்" என்றாள். என் மனைவி உள்ளே இருந்தே, "நீயும் எறும்பா இருந்தா என் கண்ணுக்குத் தெரிஞ்சிருப்ப, அக்கா" என்றாள். லயமே சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்கியபின் அவள் அடுப்புப் பக்கம் திரும்பி அழுததை நான் மட்டும் பார்த்தேன்.

அந்த நாட்களில் எங்கள் வீட்டில் எல்லாம் மாறிப்போனது. தேத்தண்ணி ஊற்றினால் கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றினாள். ஆகவே இடது கையால் கோப்பையைப் பிடித்துக்கொண்டு, கேத்தல் மூக்கை அதன் விளிம்பில் முட்டவைத்து ஊற்றப் பழகினாள். சாமி விளக்கை மட்டும் நான் ஏற்றினேன். தீக்குச்சி தெரிந்தால் திரி மறைந்துவிடுகிறது என்று அவளே ஒதுங்கிக்கொண்டாள். நான் ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், ரோலர் வேலைக்குப் போகும் நேரங்களில்தான் பயம். தேயிலை அரைபடும் சத்தத்துக்குள்ளும் பிள்ளை அழுகிறதுபோலவே இருக்கும்.

அப்போதுதான் அக்கா வந்தது. அவர்கள் குடும்பம் ஒப்பந்தப்படி இந்தியாவுக்கே போய்விடுவதாக எழுதிக் கொடுத்திருந்தது. போகும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பாயில் கிடந்த பிள்ளையைக் காட்டி, "எங்க, தூக்கு தாயி, பாப்போம்" என்றது என் மனைவியிடம். அவள் பிள்ளையைப் பார்த்தாள். உண்மையிலேயே பார்த்தாள், "சிரிக்கிறான்" என்றுகூடச் சொன்னாள். ஆனால் கை பிள்ளைக்குப் பக்கத்தில் சுவரில் போய் மோதியது. வளையல் உடைந்தது. துண்டு பாயில் விழுந்தது.

அக்கா அழுதுவிட்டது. "தம்பி, இவனக் குடுத்துருடா. நான் வளக்குறேன். ஒரு நாள் இல்ல ஒரு நாள் அடுப்புல போட்டுருவா. அவ மேல குத்தம் சொல்லல. அவளுக்கும் பாவம், இவனுக்கும் பாவம்."

அக்கா சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. சரி என்ற சொல் நாக்கு வரை வந்துவிட்டது. கடல் தாண்டிப் போகிற பிள்ளையை மறுபடி எப்போது பார்ப்பது?

என் மனைவிதான் பேசினாள். "அண்ணி, அவனத் தொட்டில்ல போடுங்க."

முகட்டிலிருந்து தொங்கிய சேலைத் தொட்டிலில் அக்கா பிள்ளையைப் போட்டது. தொட்டிலை இழுத்து ஆட்டுவதற்கு ஒரு கயிறு கட்டியிருப்போம் அல்லவா, அதன் மறுமுனையை அவள் தன் இடுப்பில் முடிந்திருந்தாள். நான் வேலைக்குப் போன நேரங்களில் தனியாகப் பழகியிருக்கிறாள், என்னிடம்கூடச் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். கையைத் தன் இடுப்புக்குக் கொண்டுபோனாள். அங்கே கை தவறவில்லை. முடிச்சைப் பிடித்தாள், கயிற்றின்மேல் கையை நழுவவிட்டுக்கொண்டே எழுந்து நடந்தாள், சேலையைத் தொட்டாள், விளிம்பைத் தடவினாள், பிள்ளையின் தலைக்கு ஒரு கை, முதுகுக்கு ஒரு கை. தூக்கி மார்பில் அணைத்து, அப்படியே தரையில் உட்கார்ந்து பால் கொடுத்தாள். அதற்குப் பிறகுதான் கண்ணைத் திறந்தாள்.

"கண்ணத் தொறந்தா இந்தக் கை கண்ணு பேச்சக் கேட்டுக் கெட்டுப் போவுது, அண்ணி. மூடிக்கிட்டா எம் பேச்சக் கேக்குது."

அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டு யோசித்தது. "தொட்டில்ல இருக்குற மட்டும் சரி. எறங்கி நடக்க ஆரம்பிச்சா? கயித்தக் கட்டியா மேய்ப்ப?"

"நடக்க ஆரம்பிச்சா நான் ஏன் தேடணும்? கூப்புட்டா அவன் என்கிட்ட வருவான்."

அக்கா இதற்கும் முழுசாக இறங்கவில்லை. "போற நாள் வரைக்கும் பாக்குறேன். அதுக்குள்ள ஒரு காயம் பட்டுச்சோ, தூக்கிக்கிட்டுப் போயிருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனது. அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வந்து பிள்ளையின் துணியைக் கழற்றிக் கை, கால், முதுகு எல்லாம் பார்க்கும். எங்களுக்குக் கோபம் வராமலில்லை. ஆனாலும் அக்கா வருகிறது என்றால் வீடே குளித்துச் சுத்தமாகி, ரொட்டி சுட்டு வைத்துக் காத்திருக்கும். அந்த ஞாயிறுகளை நினைத்தால் இப்போதும் தேங்காய் ரொட்டி வாசம் வருகிறது.

கடவுள் புண்ணியத்தில் அவர்கள் பயணம் தள்ளித் தள்ளிப் போனது. பிள்ளை தவழ்ந்தான், நின்றான். நாங்கள் அடுப்புக்குக் குறுக்கே பலகை அடித்தோம். தரையில் ஒரு சாமான் கிடக்காமல் பார்த்துக்கொண்டோம். அவளுக்கும் கொஞ்சம் தேறியது. முகத்தை முகமாகப் பார்க்க முடிந்தது, ஒருவர் மட்டும் நின்றால். இரண்டு பேர் நின்றால் ஒருவர் காணாமல் போய்விடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவள் காலை நீட்டி உட்கார்ந்து கைதட்டிக் கூப்பிட, அவன் தள்ளாடித் தள்ளாடி வந்து அவள் மடியில் விழுந்தான். அவன் வந்த வழியை அவள் பார்க்கவே இல்லை. அன்றைக்கு அக்கா அவன் துணியைக் கழற்றிப் பார்க்கவில்லை.

பதுளை ஸ்டேஷனில் அவர்களை வழியனுப்பப் போனோம். தலைமன்னார் போக வேண்டிய சனம், தகரப்பெட்டி, பாய், அழுகை. பிளாட்பாரத்தில் இடமில்லை. என் மனைவிக்கு அவ்வளவு கூட்டத்தில் யாரோ ஒருவருடைய குடைக்கம்பி மட்டும் தெரிந்ததாம். என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அக்கா ரயிலுக்குள் ஏறி, ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "ஒருவாட்டி குடு" என்றது. நான் பிள்ளையைக் கொடுத்தேன். அக்கா அவனை உள்ளே இழுத்து நெஞ்சோடு அணைத்து முகத்தைப் புதைத்துக்கொண்டது. கார்ட் விசில் ஊதினான். அக்கா தலை தூக்கவில்லை. வாயில் முருகா என்பதைத் தவிர ஒன்றும் வரவில்லை.

என் மனைவி என் கையை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் நீட்டினாள். கண் திறந்தே இருந்ததால் அவை ஜன்னலைத் தவறி, பக்கத்தில் ரயில் பெட்டியின் பலகைமேல் போய்த் தட்டின.

சத்தம் கேட்டு அக்கா தலை தூக்கி அதைப் பார்த்தது. பிள்ளையை என் பக்கம் நீட்டவில்லை. ஜன்னலுக்கு வெளியே எட்டி, அவள் மணிக்கட்டைப் பிடித்து, அந்தக் கையை இழுத்து வந்து பிள்ளையின் இடுப்பில் வைத்தது. பிறகு மற்றக் கையையும் வைத்தது.

"புடிச்சிட்டியா?"

"புடிச்சிட்டேன், அண்ணி."

அதற்குப் பிறகுதான் அக்கா தன் கையை எடுத்தது.