தட்டில் பெய்த மழை

வானொலி நாடக மன்றத்தில் எல்லாரும் அவளை மியூட்டு என்றுதான் கூப்பிட்டார்கள். அவளுக்குத் திக்குவாய். வாய் திறக்க யோசிப்பவள் என்பதால் வைத்த பெயர். அவளும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பாள். மன்றத்தின் நாடகங்களில் கேட்ட ஓசையெல்லாம் அவள் கைவேலை. மெல்லிய தாளைக் கசக்கினால் தீ எரியும். தகரத்தட்டில் காய்ந்த பட்டாணியை உருட்டினால் மழை பெய்யும்.

அந்த வருடம் மன்றத்தின் பாடு திண்டாட்டமாக இருந்தது. புதிதாகப் பன்னிரண்டு பேராவது சேராவிட்டால் அறையைப் பிடுங்கிக்கொள்வதாக மாணவர் அலுவலகம் சொல்லிவிட்டது. முதலாண்டு மாணவர்களுக்கான அறிமுக நாளில் ஒவ்வொரு மன்றத்துக்கும் மேடையில் தொண்ணூறு விநாடி. கடைசிப் பதினைந்து விநாடியில் மஞ்சள் அட்டை காட்டுவார்கள். நேரம் முடிந்ததும் மைக்கை அணைத்துவிடுவார்கள், பாதி வாக்கியமானாலும் சரி.

பேச்சை எழுதியவள் மியூட்டு. மன்றம் எப்போது தொடங்கியது, என்னென்ன பரிசு வாங்கியது என்று தலைவன் எழுதி வைத்திருந்ததை அவள் முழுவதுமாக அடித்து நீக்கிவிட்டாள். அதைக் கேட்க யாரும் வரப்போவதில்லை. வருபவன் முதல் சில விநாடிக்குள் நிமிர்ந்து பார்க்க வேண்டும். மன்றத்தில் தனக்கு என்ன வேலை என்பது அவனுக்குப் புரிய வேண்டும். கடைசியில் முதல் கூட்டம் என்றைக்கு, எந்த அறை, எந்த மேசையில் பெயர் கொடுப்பது, இவ்வளவுதான் மனதில் நிற்க வேண்டும். கூச்சல் நிறைந்த மண்டபத்தில் வேகமாகப் பேசினால் ஒன்றும் எடுபடாது என்று நூற்றிருபது சொல்லோடு நிறுத்திக்கொண்டாள்.

தொடக்கம் மழை. தலைவன் மைக்கைத் தட்டருகே பிடிப்பான். கூட்டம் ஜன்னலைப் பார்க்கும். பிறகு இருவரும் ஒரே குரலில், "வெளியே மழை இல்ல. இந்தத் தட்டுல இருக்கு. நீங்களும் பெய்ய வைக்கலாம்" என்பார்கள். சேர்ந்து பேசினால் அவளுக்குத் திக்காது. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அக்கா கண்டுபிடித்த விஷயம் அது. அக்காவும் அவளும் சேர்ந்து அந்த மூன்று வாக்கியத்தைச் சமையலறையில் சொல்லிச் சொல்லிப் பார்த்தார்கள். ஒரு எழுத்தும் தடுக்கவில்லை.

குலுக்கலில் இவர்களுக்கு நடன மன்றத்தை அடுத்த இடம் விழுந்தது. அவர்கள் ஆடி முடித்தும் மண்டபம் அடங்கவில்லை. விசில் பறந்தது. மேடையேறும்போதே தலைவனுக்கு முகம் வெளுத்திருந்தது.

அவள் பட்டாணியை உருட்டினாள். மைக் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். அது அவன் வாயருகே இருந்தது. கண்ணால் தட்டைக் காட்டினாள். அவன் கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். முதல் வரிசைக்குக்கூட மழை கேட்கவில்லை. ஒருத்தி மேடையில் நின்று மும்முரமாகத் தட்டை ஆட்டுவது மட்டும் தெரிந்தது. யாரோ சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பை அவன் பிடித்துக்கொண்டான்.

"பயப்படாதீங்க, இவங்க பட்டாணியில கல்லு பொறுக்குறாங்க. எங்க மன்றத்துல சேந்தா சமையலும் இலவசமா கத்துக்கலாம்!"

மண்டபம் குலுங்கியது. "இவங்க பேரு மியூட்டு. வானொலி மன்றத்துலயே பேசாத ஒரே ஆளு!" மீண்டும் சிரிப்பு. "ம... ம..." என்று அவள் ஆரம்பித்தது மைக்குக்கு எட்டவில்லை. மஞ்சள் அட்டை வந்தது. அவள் எழுதிய கடைசி வரிகளை மட்டும் அவன் பிசகாமல் சொன்னான்: புதன்கிழமை சாயங்காலம், நூலகத்துக்குப் பின்னால் உள்ள அறை, வாசலோர மேசை. ஒரு விநாடி மிச்சம் வைத்து இறங்கினான்.

முப்பத்தொரு பேர் பெயர் கொடுத்தார்கள்.

மேசையில் கூட்டம் குறைந்ததும் அவன் பக்கத்தில் வந்தான். "கூட்டம் கைய விட்டுப் போயிடும்னு பயந்துட்டேன். ஆனா அறை தப்பிச்சுது பாத்தியா? எல்லாம் உன்னாலதான்."

"சே... சேந்து பேசறதா சொன்ன."

"அந்தச் சத்தத்துல நீ திக்கியிருந்தா? உனக்குத்தானே அவமானம்?"

அவள் பதில் சொல்லத் தொடங்கினாள். முதல் சொல் வருவதற்குள் யாரோ அவனைப் படமெடுக்கக் கூப்பிட்டார்கள்; போய்விட்டான்.

வீட்டில் அக்கா கதவைத் திறந்தபடியே கேட்டாள்: "எப்படி, தடுக்கலையே?"

"தடுக்கல."

அக்கா அவளைக் கட்டிக்கொண்டாள். மியூட்டு நிஜத்தைச் சொல்லவில்லை. சொல்லத் தொடங்கினால் அழுகை வந்துவிடும்.

புதன்கிழமை அறை நிறைந்திருந்தது. முன்வரிசைப் பையன் ஒருவன், "அக்கா, அந்தக் கல்லு பொறுக்குறத ஒரு தடவ செஞ்சு காட்டுங்க" என்றான். எல்லாரும் கைதட்டினார்கள். தலைவனும் தட்டினான். அவள் செய்து காட்டினாள். அறை சின்னது, மழை தெளிவாகவே பெய்தது. ஆனால் அவர்கள் முன்கூட்டியே சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

தன்னிடமிருந்த அறைச் சாவியை மேசையில் வைத்துவிட்டு அன்றே மன்றத்தை விட்டு வெளியேறினாள். இரண்டு வாரம் யாரும் தேடவில்லை. அந்தப் பருவ நாடகத்தில் மழைக்காட்சி வந்தது. ஒருவன் கைபேசியில் மழைச் சத்தத்தை இறக்கிப் போட்டான். நன்றாகத்தான் இருந்தது என்று எல்லாரும் சொன்னார்கள்.