ஏழு சூளை, ஒரு புகை

ராஜாமணிக்கு ஐம்பத்திரண்டு வயது. கீரப்பாளையத்துக்குக் கிழக்கே வாய்க்கால் ஓரம் செங்கல் சூளை வைத்திருந்தார். புருஷன் பக்கவாதத்தில் படுத்து நாலு வருஷம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். அதையும் செய்தார், சூளையையும் பார்த்தார். முடியவில்லை என்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை.

சூளை ஓடுவது ஐந்து குடும்பங்களின் கையில். மண்ணைக் குழைத்து அச்சில் கல் அறுப்பது அவர்கள்தான். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. வேலை குறைந்தால் வேறு சூளைக்குப் போய்விடுவார்கள். போனவர்களைத் திரும்பக் கூட்டிவருவது லேசில்லை. ராஜாமணி பயந்தது அது ஒன்றுக்குத்தான்.

2009 கோடையில் அந்த வட்டாரத்து ஏழு சூளைக்காரர்களும் மாதம் இரண்டு சூளை போட்டார்கள். கல் மலையாகக் குவிந்தது. ஆயிரம் கல் ஆயிரத்து எழுநூறு ரூபாய்க்கு இறங்கிவிட்டது. முந்திரி விறகு விலைக்கும் கூலிக்கும் அது கட்டவில்லை. ஏழு பேரும் டீக்கடையில் கூடி, இனி ஆளுக்கு மாதம் ஒரே சூளை என்று முடிவு செய்தார்கள்.

"யாராவது திருட்டுத்தனமா கொளுத்துனா?" என்று ஏழு பேரில் ஒருவரான தங்கராசு கேட்டார்.

"புகையை மடியில முடிஞ்சு வச்சுக்க முடியுமா? சூளையை எண்ணுனா போதும்," என்றார் ராஜாமணி. எல்லோருக்கும் அது சரி என்று பட்டது.

இரண்டே மாதத்தில் விலை இரண்டாயிரத்து அறுநூறு ஆனது. ராஜாமணி வழக்கம்போல நாற்பதாயிரம் கல் அடுக்கினார். சரக்குப் பாதி, செலவு போகக் கையில் நின்றது முன்னைவிடக் கொஞ்சம் கூட. ஆனால் அறுப்பவர்களுக்குக் கூலி பாதியானது. அதற்காக ஆயிரத்துக்கு இருபது ரூபாய் ஏற்றிக் கொடுத்தார்.

மூன்றாவது மாதம் சாக்கு கேட்கப் பக்கத்துச் சூளைக்குப் போனார். அது கொளஞ்சியுடையது, தூரத்து உறவில் கொழுந்தன் முறை. சூளைக்கு எப்போதும் விறகு திணிக்க எட்டு அடுப்பு வாய். அன்று பன்னிரண்டு இருந்தது. உயரமும் ஆறு வரிசை கூட.

"இது என்னப்பா, சூளையா, கோயில் கோபுரமா?"

"ஒரு சூளைதான அண்ணி? எண்ணிப் பாத்துக்க."

"அறுபதாயிரம் கல்லு இருக்கும்."

"கல்லை எண்ணணும்னு நீ சொல்லலியே. இந்த விலைக்கு விக்காம வேற எந்த விலைக்கு விக்கிறது? நான் ஒருத்தன் கூடப் போடுறதுல விலை எறங்கிடாது."

அடுத்த கூட்டத்தில், இனிக் கல்லை எண்ணலாம் என்றார் ராஜாமணி. யார் எண்ணுவது என்ற கேள்வி வந்தது. தன் களத்தில் இன்னொருத்தன் கால் வைக்க ஒருத்தரும் சம்மதிக்கவில்லை. இதைச் சொல்லிப் போலீசுக்குப் போகவும் முடியாது. தங்கராசு இதற்குள் இரண்டாவது சூளை கொளுத்தியிருந்தார். மகனுக்கு வீடு கட்டவாம். "வீடா, ஜில்லா கோர்ட்டா?" என்றார் ஒருவர். கேட்டவர் சூளையிலும் பத்து வாய். போதாததற்கு, நல்ல விலையைப் பார்த்துச் சேத்தியாத்தோப்புப் பக்கம் இரண்டு பேர் புதிதாகக் களம் போட்டிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் அறுப்புக்காரர்களின் மேஸ்திரி பழனிவேல் வந்து நின்றார்.

"கொளஞ்சி அண்ணன் கூப்புடுறாரும்மா. வாரம் பூரா வேலையாம்."

"எத்தனை குடும்பம் போறதா இருக்கீங்க?"

"அஞ்சும்தான்."

ராஜாமணி கணக்குப் போட்டுப் பார்த்தார். மற்றவர்கள் ஒழுங்காக இருந்தால், தான் கூடுதலாகப் போடுவது லாபம். அவர்கள் ஒழுங்காக இல்லை என்றால், தான் மட்டும் ஒழுங்காக இருப்பது நஷ்டம். எப்படித் திருப்பினாலும் ஒரே விடைதான். கொளஞ்சியும் இப்படித்தான் யோசித்திருப்பான் என்பதும் தெரிந்தது. கோபப்பட ஒன்றும் இல்லை.

"நாளையிலேருந்து அறுங்க. இந்தத் தடவை எழுபதாயிரம்," என்றார்.

சூளை நாலு நாள் எரிந்து ஒரு வாரம் ஆறியது. அதற்குள் ஏழு களத்திலும் கல் நிறைந்திருந்தது. கல் வாங்கி விற்கும் லாரி சிங்காரம் வந்து ஒரு கல்லைத் தட்டிப் பார்த்தார்.

"ஆயிரத்து அறுநூறுக்குத் தர்றதுன்னா ஏத்துறேன்க்கா."

"போன மாசம் ரெண்டாயிரத்து அறுநூறு குடுத்தியே."

"போன மாசம் எனக்கு எல்லாரும் போன் பண்ணலியே."

ராஜாமணி ஏற்றச் சொன்னார். அறுபத்தேழாயிரம் கல் போனது, மிச்சம் உடைசல். கூலியும் விறகும் போக, கையில் ஒன்றும் நிற்கவில்லை. ஒப்பந்தம் முடிந்தது என்று யாரும் அறிவிக்கவில்லை. அடுத்த கூட்டத்துக்கு யாரும் வரவில்லை, அவ்வளவுதான்.

மழைக்காலம் முடிந்து தை மாதம் களம் காய்ந்ததும் பழனிவேல் நாலு குடும்பத்தோடு வந்து சேர்ந்தார். ஐந்தாவது குடும்பம் கொளஞ்சியிடம் போய்விட்டது. ராஜாமணி நாலு அச்சை எடுத்துக் கொடுத்துவிட்டு, மண் வெட்ட இடம் காட்டினார்.