கன்னத்துத் திட்டும் மயினியின் பூச்சி மருந்தும்

கோடை விடுமுறை முழுக்க வெயிலில் ஆடிக் கறுத்திருந்த என் மகளின் கன்னங்களில் வெளிறிய திட்டுகள் தெரிந்தன. தடவினால் சொரசொரவென்று இருந்தது.

"வயித்துல பூச்சிதான் மக்கா, வேற ஒண்ணுமில்ல" என்று பக்கத்து வீட்டு மயினி தீர்ப்புச் சொன்னாள். கோட்டாறு போய்ப் பூச்சி மருந்தும் வாங்கி வந்து மகளுக்குக் கொடுத்தாள். நானோ வேளைக்கு வேளை சோப்புப் போட்டுத் தேய்த்தேன். திட்டு இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. வெண்புள்ளியோ என்ற பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வடசேரியில் தோல் டாக்டரம்மா உற்றுப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"வெண்புள்ளின்னா பாலா வெளுத்து, ஓரம் தெளிவா இருக்கும். இது வறட்சி. தோல் காஞ்சு, லேசா அழற்சி வந்து, அங்க மட்டும் நிறம் கொறைஞ்சிருக்கு. சுத்தி கறுத்ததால பளிச்சுன்னு தெரியுது. சோப்புப் போட்டுத் தேய்க்காதீங்க. முகம் கழுவின ஈரத்தோட, வாசனையில்லாத கிரீம் தடவுங்க. ஈரம் தங்கினா தோல் ஆறும். நிறம் திரும்ப மாசக்கணக்காகும், பதறாதீங்க."

சொரசொரப்பு சீக்கிரமே போய்விட்டது. நிறம்தான் ஆடி அசைந்து வந்தது. பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு மகள் கிளம்பிய அன்று கன்னம் முழுக்க ஒரே நிறம். மயினிக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாத்தியா, நான் தந்த மருந்து!"

"அத நான் அன்னைக்கே வாழமூட்டுல துப்பிட்டேன் அத்தை" என்றாள் மகள்.

மயினி வேலிக்கு மேலே எட்டி வாழையைப் பார்த்தாள்.

"அதாம்லா இந்த வருசம் இவ்வளவு பெரிய குலை தள்ளிருக்கு!"