அளவுக்காரரும் மாப்பிள்ளையும்

என் வீட்டுக்காரரை வேலைக்கூட்டத்தில் எல்லோரும் அளவுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பாராட்டிக் கூப்பிடுகிறார்கள் என்று அவருக்கு நினைப்பு. கலவை போடும்போதெல்லாம் மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைகிறாரே என்கிற கடுப்பில் வைத்த பெயர் அது. கலவை சுமக்கிற சித்தாளாக நானும் அவர் பின்னால் காலம் பூராவும் போயிருக்கிறேன், எனக்குத் தெரியாதா?

அந்தப் பெட்டி சிமெண்ட் மூட்டையைக் கொட்டினால் சரியாக நிறையும். ஒரு பெட்டி சிமெண்ட், நாலு பெட்டி மணல். பெட்டியை நிரப்பி, மேலே கட்டையை வைத்து ஒரே இழுப்பில் வழித்துவிடுவார். கொஞ்சம் குமிந்திருந்தாலும் அவருக்குத் தூக்கம் வராது. கட்டி முடித்து வருஷக்கணக்கான வீடுகளைக்கூடப் போகிற வழியில் நின்று பார்ப்பார். ரசிக்கிறார் என்று நினைப்பீர்கள். விரிசல் இருக்கிறதா என்று பயந்து பார்க்கிறார். அவருடைய திறமை முக்கால்வாசி பயம்தான்.

அப்படிப்பட்டவரிடம் எங்கள் மாப்பிள்ளை தொழில் பழக வந்தார். வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர். முதலாளி வண்டியை விற்றதும் வேலை போனது. மகள் ஒரு வார்த்தை சொன்னாள், இவர் சரி என்றுவிட்டார். மாப்பிள்ளை நல்ல மனிதர், சோம்பேறி இல்லை. ஆனால் கண்ணளவிலேயே சந்துக்குள் வண்டியைப் பின்னால் எடுத்துப் பழகியவர். ஒன்றைப் பார்த்த மாத்திரத்தில் "இவ்வளவுதான்" என்று சொல்லிவிடுவார், பாதி நேரம் சரியாகவும் இருக்கும். அதுதான் கேடு.

வேறு ஆளாக இருந்தால் இவர் முதல் நாளே நாலு விட்டிருப்பார். மாப்பிள்ளையிடம் எப்படி வாயைத் திறப்பது? "மாப்பிள்ளை, வசதிப்பட்டா பெட்டியில அளந்து போட்டுக்குங்க" என்பார். அவரும் "சரிங்க மாமா" என்பார், வசதிப்படாது. எனக்குச் சிரிப்பாக வரும். பிறகு அந்தச் சிரிப்பு நின்றுபோனது.

டீச்சர் வீட்டு வராந்தா வேலை அது. வீட்டின் முன்பக்கம் முழுக்க நீளமான வராந்தா. அவருடைய கணவரை, சார் என்போம், பக்கவாதம் அடித்து ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் நாலு கால் ஊன்றுகோலைப் பிடித்து நடந்து பழக வேண்டும். அதற்காகத்தான் மேடு பள்ளமான பழைய தரையை எடுத்துவிட்டு டைல்ஸ். வேலை பேசின அன்றே டீச்சர் சொன்னார்: "இன்னொரு தடவை விழுந்தா எழுந்திரிக்கவே மாட்டாருன்னு டாக்டர் சொல்லிட்டாருங்க. பின்னாலேர்ந்து கூப்பிட்டாக்கூடத் திரும்பிப் பார்ப்பாரு, தடுமாறிடுவாரு." இவர் அன்று சாப்பிடும்போது அதையே இரண்டு முறை என்னிடம் சொன்னார்.

பாதி வராந்தா இவர் கையால் முடிந்தது. மறுநாள் தண்ணீர்க் குழாய் வாங்கக் கடைக்குப் போக வேண்டியிருந்தது. கதவுக்கு நேரே நடுவில் இருந்த வரிசைகளை மாப்பிள்ளையிடம் விட்டுப் போனார். நான் கொல்லைப்புறத்தில் டைல்ஸைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தேன். முந்தின இரவு மழை பெய்திருந்தது. இவர் திரும்பி வந்தபோது டைல்ஸ் பதிந்திருந்தது, நீளவாக்கில் ரசமட்டத்தில் குமிழி நடுவில் நின்றது, தண்ணீர் வெளியே ஓட வாட்டமும் சரியாக இருந்தது. மேலே பார்த்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது. மீதி வரிசைகளை அந்தக் கோடிவரை இவரே பதித்து முடித்தார்.

"நான் தட்டிப் பார்க்கிற வரைக்கும் யாரையும் மிதிக்க விடாதீங்க டீச்சர்" என்று இவர் சொன்ன பிறகுதான் கிளம்பினோம். கலவை இறுகாமல் தட்டினால் ஒன்றும் தெரியாது. இறுகின பிறகு கரண்டியின் பிடியால் தட்டினால் நல்ல டைல்ஸ் கெட்டியாகச் சத்தம் கொடுக்கும். அடியில் பிடிப்பு இல்லாதது காலிப் பானை மாதிரி பேசும்.

மூன்று நாள் கழித்து, டைல்ஸ் இடுக்குகளில் இணைப்புப் பூச மாப்பிள்ளையோடு வந்தோம். கேட்டைத் திறந்தால், வராந்தாவின் அந்தக் கோடியில் சார் நின்றுகொண்டிருந்தார், ஊன்றுகோலைப் பிடித்தபடி. டீச்சர் பின்னால் இடுப்பைத் தாங்கியிருந்தார்.

"முன்னாடியே அனுப்பிட்டாங்க மேஸ்திரி! நடந்து பார்க்கணும்னு ஒரே அடம். காஞ்சிருக்கும்ல?" என்றார் டீச்சர், முகமெல்லாம் சந்தோஷமாக.

இவர் செருப்பை உதறிவிட்டு இந்தக் கோடியில் உட்கார்ந்து தட்ட ஆரம்பித்தார். முதல் வரிசை கெட்டி. அடுத்ததும் கெட்டி. நகர்ந்து நகர்ந்து நடுவுக்குப் போனார். மாப்பிள்ளை வரிசையில் முதல் டைல்ஸைத் தட்டினார். பொத் என்றது. அடுத்தது, அதுவும் பொத். மூலையில் தட்டினார், நடுவில் தட்டினார். அவர் கழுத்தில் வேர்வை இறங்குவது எனக்குத் தெரிந்தது.

அதற்குள் சார் பாதி தூரம் வந்துவிட்டார். ஊன்றுகோலைத் தூக்கி வைப்பார், ஒரு கால், பிறகு இன்னொரு கால். ஊன்றுகோலின் நாலு காலும் ரூபாய்க் காசு அகலம்தான், உடம்பின் பாரமெல்லாம் அதில்தான் இறங்கும். அடியில் பொக்கான டைல்ஸின் மூலையில் அது விழுந்தால் என்ன ஆகும் என்று எனக்கே தெரியும். கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். கத்தினால் திரும்பிப் பார்ப்பார், விழுவார். டீச்சரிடம் கண்ணைக் காட்டினேன், அவர் சாரின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பலகை போட்டு மூடலாமென்றால் அதன் விளிம்பே தடுக்கும்.

இவர் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே சாருக்கு நேர் எதிரே நகர்ந்து போனார். "சார், அங்கயே நில்லுங்க. நல்லா வர்றீங்க. ஒரு நிமிஷம் மூச்சு வாங்கிக்குங்க" என்றார், குழந்தையைத் தூங்க வைக்கிற குரலில். ஒரு கையைப் பின்னால் நீட்டி விரலை ஆட்டினார். புரிந்துகொண்டு நான் பக்க வாசல் வழியாக நாற்காலிக்கு ஓடினேன்.

சார் நிற்கவில்லை. நின்றால் பிறகு வராதோ என்று அவருக்குப் பயம். இன்னொரு முறை ஊன்றுகோலைத் தூக்கி வைத்தார். டிக் என்று ஒரு சத்தம். டைல்ஸின் மூலை உடைந்து உள்ளே இறங்கியது, ஊன்றுகோல் சாய்ந்தது, சார் அதோடு சாய்ந்தார்.

"டேய், பிடிடா!"

என் வீட்டுக்காரர் அப்படி அலறி நான் கேட்டதே இல்லை. அவர் ஊன்றுகோலின் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மாப்பிள்ளை பாய்ந்து சாரின் தோளைத் தாங்கினார். நாற்காலியோடு ஓடி வந்து அதைச் சாருக்குப் பின்னால் தள்ளினேன், சார் அதில் பொத்தென்று உட்கார்ந்தார். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். சாரின் உதடு ஒரு பக்கமாக இழுத்து இழுத்து நடுங்கியது, வேட்டி நனைந்திருந்தது. அதைப் பார்க்காத மாதிரி எல்லோரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம்.

அவரை உள்ளே படுக்க வைத்த பிறகு இவர் உடைந்த டைல்ஸை நெம்பி எடுத்தார். அடியில் இருந்த கலவையை விரலால் சுரண்டினார். சர்க்கரை மாதிரி உதிர்ந்தது.

"எப்படிக் கலந்தீங்க?" என்றார். மறுபடியும் மரியாதை வந்துவிட்டது.

மாப்பிள்ளை மெல்லச் சொன்னார். முந்தின நாள் ஊற்றின அதே வாளித் தண்ணீரை ஊற்றினாராம். கலவை கூழாகிவிட்டது, டைல்ஸ் வைத்தால் அமுங்கியது. கெட்டியாகட்டும் என்று கண்ணளவில் மணலை வெட்டிப் போட்டாராம். "பார்க்க முந்தின நாள் மாதிரியேதான் மாமா இருந்திச்சு."

"கூடவே சிமெண்டும் போட்டீங்களா?"

"போடலை."

இவர் அவரை மணல் குவியலுக்குக் கூட்டிப்போனார். தார்ப்பாய்க்கு அடியில் காய்ந்திருந்த மணலை வெட்டிப் பெட்டியை நிரப்பச் சொன்னார். மண்வெட்டியில் நிற்காமல் சரிந்து சரிந்து விழுந்தது, பன்னிரண்டு வெட்டு பிடித்தது. ஓரத்து ஈர மணலை நிரப்பச் சொன்னார். கட்டி கட்டியாகக் குமிந்து வந்தது, ஒன்பதிலேயே பெட்டி நிறைந்தது. மேலே வழித்துவிட்டு, ஈர மணலைத் தகர டின்னில் கொட்டி, அது எதுவரை நிற்கிறது என்று ஆணியால் கீறினார். பிறகு மணல் மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றினார். மணல் கீறலை விட்டு நாலு விரற்கடை கீழே இறங்கியது.

"பார்த்தீங்களா? ஈரமானா மணல் உப்பிக்கிட்டு நிக்கும். அதுக்குள்ளயே தண்ணியும் இருக்கும். நீங்க மேல ஒரு வாளி ஊத்துனீங்க, கூழாச்சு. கூழை மணலால கெட்டியாக்கினா, கெட்டியா தெரியும். பிடிக்கிறதுக்கு உள்ள ஒண்ணும் இல்லை. கண்ணுக்கு ரெண்டு கலவையும் ஒண்ணுதான்" என்றார். பெட்டியிலும் ஈர மணலை அப்படியே நம்பக் கூடாது, உப்பினதுக்குத் தக்கபடி கூடப் போட்டு, தண்ணீரைக் குறைக்க வேண்டும் என்றும் சொன்னார். "சுவத்துப் பூச்சுன்னா உதிர்ந்தாவது காட்டிக்கொடுக்கும். டைல்ஸ் மூடிக்கும். யாரோ ஒருத்தர் கால் வைக்கிற வரைக்கும் நமக்குச் சொல்லாது."

மாப்பிள்ளை தலை குனிந்து நின்றார். இவர் கரண்டியைத் துடைத்தபடி, "அப்ப வாய் தவறி டேய்னு சொல்லிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க" என்றார். மகள் வாழ்க்கைக்கும் சேர்த்து அந்த மனிதர் பயந்துபோயிருந்தார்.

"முதல் நாளே அப்படிக் கூப்பிட்டிருக்கலாம் மாமா" என்றார் மாப்பிள்ளை. "பெட்டியைத் தொட்டிருப்பேன்."

இவருக்கு அடி விழுந்த மாதிரி இருந்தது. எனக்கும்தான்.

நடு வரிசைகள் முழுவதையும் பெயர்த்தார்கள். சலித்து, அளந்து, வழித்து மாப்பிள்ளையே கலந்தார், அவரே பதித்தார். காய்ந்ததும் ஒவ்வொரு டைல்ஸையும் மூலைக்கு மூலை தட்டினார். எல்லாம் கெட்டி. நானும் காதை வைத்துக் கேட்டேன்.

சாரைக் கதவருகே கூட்டிவந்தார்கள். ஊன்றுகோல் வாசற்படி தாண்டவில்லை. அவர் தரையைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார். குழறின குரலில், "யாரு கலந்தது?" என்றார்.

இவர் வாயைத் திறந்தார், தன் பெயரைச் சொல்லத்தான். அதற்குள் மாப்பிள்ளை, "நான்தான் சார். அன்னைக்கும் நான்தான்" என்றார்.

சார் அவரைப் பார்த்தார். பிறகு ஊன்றுகோலிலிருந்து கையை எடுத்து மாப்பிள்ளையின் தோள்மேல் வைத்தார்.

"அப்ப நீ முன்னாடி நட."

மாப்பிள்ளை கால் கட்டைவிரலால் முதல் டைல்ஸின் மூலையை ஒரு முறை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான், அதன்மேல் முதல் அடி எடுத்து வைத்தார்.