மதார் சாகிப்பின் மதிய ரத்தம்

தண்டையார்பேட்டை குடோனுக்கு மதார் சாகிப் பதினெட்டு வருடமாக இரவுக் காவல். பகலெல்லாம் ஒற்றை அறையில் தனியே தூங்குவார்.

யானைக்கால் நோய்ப் பரிசோதனைக்கு இரவு பத்து மணிக்கு விரலில் குத்தி எடுத்த ரத்தத்தில் புழு இல்லை. லேப் டெக்னீஷியன் ரோஸ்மேரி படிவத்தில் ‘நைட் வாட்ச்மேன்’ என்று தானே எழுதியிருந்ததை அப்புறம்தான் பார்த்தாள். ஆள் தூங்கும் நேரத்தில்தான் அந்தக் குட்டிப் புழுக்கள் விரல்நுனி ரத்தத்துக்கு வரும். தன்னையே திட்டிக்கொண்டு, நடு மதியம் அவரை எழுப்பி மறுபடி குத்தினாள். சாயமேற்றிய ஸ்லைடில் ஏழு புழுக்கள்.

மாத்திரையோடு போய்ச் சொன்னாள்.

“நான் தூங்குற நேரம் அதுங்களுக்குத் தெரிஞ்சிகீதா?”

“தெரியும், பாய்.”

“என் புள்ளைக்கு இன்னும் தெரியலம்மா. தெனம் ராத்திரி போன் பண்ணி, ‘தூங்குங்க அத்தா’ன்னு வெச்சிடுறான்.”